கேள்வியே இல்லாமல் வரும் படத்துக்கு என்ன பதில் எழுதுவது? மரவள்ளி விவசாயிகளுக்குப் பதில் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் விவசாயிகள் போனில் அனுப்பும் பயிர்ப் படங்களைப் பார்த்துப் பதில் எழுதும் வேளாண் அலுவலர்களுக்கும், உரக்கடைகளில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் வாழப்பாடி பக்கம் மரவள்ளி வைக்கிறவன், எங்கள் பேச்சில் அது குச்சிக்கிழங்கு. நானும் உங்களுக்குப் படம் அனுப்புகிறேன். உங்களிடமிருந்து வந்த பதிலைக் கொண்டுவந்து காட்டி, "இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்கும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களும் எனக்கு உண்டு. அதனால் பதில் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களுக்கு வரும் படங்களில் பலவற்றோடு ஒரு வார்த்தைகூட இருக்காது. பெயர், ஊர், கேள்வி எதுவும் இல்லாமல் ஒரு செடியின் நுனி மட்டும் வந்து நிற்கும். அனுப்பியவருக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். களை வெட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்டதை, கையில் மண்ணோடு எடுத்து அனுப்பியிருப்பார். தமிழில் தட்டச்சு செய்ய வராதவராக இருக்கலாம். படத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்கலாம். சில நேரம் கேள்வியே இருக்காது. முதல் செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது கிழங்கு கை கையாக இறங்கியிருந்த சந்தோஷத்தில் யாருக்காவது காட்ட வேண்டும் என்று அனுப்பியிருப்பார்.

இப்படி வரும் படத்துக்கு இப்போது கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நான்கு வகை. கட்டைவிரல் படம் ஒன்று. "என்ன பிரச்சனை?" என்ற ஒற்றை வரி. மரவள்ளி சாகுபடி பற்றிய முழுக் கையேடு. நான்காவது, ஒரு பூச்சிமருந்தின் பெயரும் டேங்குக்கு எத்தனை மில்லி என்பதும். முதல் மூன்றால் பெரிய கேடு இல்லை, விவசாயி பேசாமல் விட்டுவிடுவார். நான்காவதுதான் கேடு. ஏன் என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

படத்தில் குச்சிக்கிழங்குச் செடியின் நுனி இருக்கிறது. நடுமத்தியான வெயிலில், மேலிருந்து எடுத்தது. கொழுந்து இலைகள் சுருங்கி, ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்தாக நிற்கின்றன. வெயில் பட்டதில் இலை பளீரென்று வெளுத்துத் தெரிகிறது. அது நிஜமான மஞ்சளா, வெளிச்சமா என்று சொல்ல முடியாது. இலையின் அடிப்பக்கமும் கீழ் இலைகளும் படத்தில் இல்லை.

இது தேமல் நோயாக இருக்கலாம், மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம். தேமல் என்றால் இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். இலையின் விரல்கள் ஒரு பக்கம் கோணி, ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று இருக்கும். மாவுப்பூச்சி என்றால் அந்தத் திட்டு இருக்காது. நுனித் தண்டில் கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, இலைகள் கொத்தாகும். கொழுந்தை விரித்தால் உள்ளே வெள்ளை மாவு பூசியதுபோல் பூச்சி உட்கார்ந்திருக்கும். சத்துக் குறைபாட்டாலும் கொழுந்து வெளுக்கும், ஆனால் அந்த வெளுப்பு நரம்புகளுக்கு இடையில், நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. தேமல் வைரஸ் நோய், வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அது விதைக்குச்சி வழியாகவும் வரும், வெள்ளை ஈ வழியாகவும் வரும். குச்சியோடு வந்திருந்தால் முளைத்த முதல் இலையிலிருந்தே தெரியும், கீழ் இலைகளிலும் தேமல் இருக்கும். வெள்ளை ஈ பின்னால் கொண்டுவந்திருந்தால் கீழ் இலைகள் சுத்தமாக இருக்கும், மேலே வந்தவற்றில் மட்டும் தெரியும். விதைக்குச்சியைத்தான் மாற்ற வேண்டுமா, ஈயையும் கவனிக்க வேண்டுமா என்பது கீழ் இலையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நுனிப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதைச் சொல்லாது.

மாவுப்பூச்சி கதை வேறு. இந்த வகை மாவுப்பூச்சி 2020இல்தான் இந்தியாவில் கண்டறியப்பட்டது. சேலம், நாமக்கல் பக்கம் தோட்டம் தோட்டமாக நாசம் பண்ணியது. அதை அடக்க, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபஸி என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் அதை முதலில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். கண்டபடி மருந்து அடித்தால் மாவுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி பிழைத்துக்கொள்ளும், குளவி செத்துப்போகும். படத்தைப் பார்த்த அடுத்த நிமிடத்தில் நீங்கள் எழுதும் ஒரு மருந்துப் பெயர் இத்தனை பேர் உழைப்பைக் காட்டில் கெடுக்கும். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அதனால்தான் கேட்கிறேன்.

அப்படியென்றால் என்னதான் எழுதுவது? நான் எதிர்பார்க்கும் பதில் இப்படி இருக்கும்:

"வணக்கங்க அண்ணா, படம் வந்துருச்சு. குச்சிக்கிழங்குச் செடியோட நுனி தெரியுதுங்க. கொழுந்து சுருங்கிக் கொத்தா நிக்குது. கீழ் இலை படத்துல இல்லீங்க. என்ன ஆச்சுன்னு தெரியணுமா, என்ன செய்யறதுன்னு கேக்கறீங்களா, இல்ல சும்மா பாக்கறதுக்கு அனுப்பினீங்களா? நோயப் பத்தின்னா, தரையில இருந்து நுனி வரைக்கும் செடி முழுசா தெரியற மாதிரி நிழல்ல இன்னொரு படம் எடுத்து அனுப்புங்க. அது வர வரைக்கும் எதுவும் அடிக்க வேண்டாங்க."

அவ்வளவுதான். முதலில் படம் வந்து சேர்ந்தது தெரிந்தால், பத்து முறை திரும்ப அனுப்பும் தொல்லை அவருக்கு இல்லை. அடுத்து, உங்கள் கண்ணுக்குப் பட்டதை வெறும் வார்த்தையில் சொல்கிறீர்கள். நோய்ப் பெயர் சொல்லவில்லை, பார்த்ததை மட்டும் சொன்னீர்கள். இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. நீங்கள் தப்பாகப் பார்த்திருந்தால் அவர் உடனே திருத்திவிடுவார். "நுனி இல்லீங்க தம்பி, பக்கக் கிளை, நுனியை ஆடு மேஞ்சிருச்சு" என்பார். அந்த ஒரு வரியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். "என்ன பிரச்சனை?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன எழுதுவார்? அவருக்கே தெரியாததைத்தானே படமாக அனுப்பினார்.

மூன்று வழிகளைக் காட்டிக் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம், தட்டச்சு வராதவரும் சொல்லலாம். "சும்மா பாக்கறதுக்கு" என்ற மூன்றாவது வழி அதில் கட்டாயம் இருக்கட்டும். நல்ல கிழங்கைக் காட்ட அனுப்பியவரிடம் நோயைத் தேடிப் போனால் அவர் மனம் விட்டுப்போகும். கிழங்குப் படம் என்றால் "நல்லா இறங்கியிருக்குங்க, எத்தனை மாசப் பயிருங்க?" என்று கேளுங்கள். போதும், மீதியை அவரே சொல்வார்.

ஒரு பதிலில் கேட்கும் படமும் ஒன்றே இருக்கட்டும். வயது, ரகம், உரம், தண்ணீர், மண் பரிசோதனை என்று ஒரே மூச்சில் கேட்டால் எதற்கும் பதில் வராது. செடி முழுசாக ஒரு படம் வந்தால் கீழ் இலை தெரியும், அடுத்து இலையின் அடிப்பக்கத்தைக் கேட்கலாம். அப்புறம் விதைக்குச்சி எங்கே வாங்கியது என்று கேட்கலாம்.

அனுப்பியவர் வயசானவர் என்று தெரிந்தால் இதையே குரலில் பேசி அனுப்புங்கள். இன்னொன்று: படத்தின் ஓரத்தில் அவர் வீட்டுப் பெண்ணோ குழந்தையோ நின்றிருந்தால் அவர்களைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம், செடியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பட்டா, பாஸ்புக் தவறி வந்திருந்தால் வந்ததைச் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்தப் பொறுமையான பதில் வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்துப் பாட்டில் படம் மட்டும் வந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே போன் செய்யுங்கள். இதை அடிக்கலாமா என்று கேட்கத்தான் அனுப்பியிருப்பார், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மருந்தடித்தவருக்கு மயக்கம் வந்தோ, வீட்டில் யாரோ குடித்தோ, பக்கத்தில் நிற்பவர் பதறி அனுப்பிய படமாகவும் இருக்கலாம். லேபிளில் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. எந்த நிறமானாலும் போனை எடுத்து "யாருக்காவது ஏதாவது ஆச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் 108ஐக் கூப்பிடச் சொல்லி, பாட்டிலை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பாம்புக்கடி என்று சந்தேகம் வரும் படத்துக்கும் இதேதான்.

மற்றபடி, நீங்கள் கேட்ட இரண்டாவது படம் வராமலே போவதும் உண்டு. இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை, "அண்ணா, அந்தக் குச்சிக்கிழங்கு இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் அவர் பெயரோடு அந்த முதல் படத்தை எடுத்து வைத்திருங்கள். அடுத்த பட்டத்துக்கு விதைக்குச்சி வெட்டும் நேரத்தில் அவர் திரும்பவும் படம் அனுப்புவார். அப்போது அந்தப் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, எந்தச் செடியிலிருந்து குச்சி எடுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம்.

இப்படிக்கு,
வாழப்பாடி பக்கத்துக் குச்சிக்கிழங்கு விவசாயி