அன்னதானக் கூடத் தானியங்கி வண்டி: திருப்பணி நிறைவு அறிக்கை

மெய்யன்பர்களுக்குக் குழுவின் வணக்கம்.

சாய்தளம் பூசியது, தரையில் கறுப்புக் கோடு இட்டது, மின்கலமும் சென்சாரும் பொருத்தியது ஆகிய வேலைகள் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. மோட்டாரில் மட்டும் 38,000 ரூபாய் கூடுதலாயிற்று. "ஒரே வண்டிக்கு இரண்டு முறை மோட்டார் வாங்கியது ஏன்?" என்று பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூடத்தின் தரையை உயர்த்தினோம். மடைப்பள்ளி பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது. இடையில் 80 செ.மீ. ஏற்றம். மதில் குறுக்கிடுவதால் சாய்தளத்துக்குக் கிடைத்தது 4.8 மீட்டர் நீளம்தான். அதாவது ஆறுக்கு ஒன்று என்ற சாய்வு. வண்டி 40 கிலோ, சாம்பார் அண்டா 80 கிலோ.

முதல் ஒப்பந்ததாரர் கொண்டுவந்த இரண்டு மோட்டார்களிலும் முறுக்குவிசை 150 கிலோ-செ.மீ. என்று அச்சிட்டிருந்தது. சமதளத்தில் ஓட்டிக் காட்டினார். வண்டி அழகாக ஓடியது. சாய்தளத்தில் அண்டாவோடு ஏறியபோது ஆமை வேகம். அடுத்தடுத்த நடைகளில் மோட்டார் கைவைக்க முடியாதபடி சுட்டது, வார்னிஷ் கருகும் வாடை வந்தது, கடைசியில் பாதி ஏற்றத்தில் நின்றே விட்டது. பரிமாற வந்த பிள்ளைகள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவர் தம் கணக்கை நீட்டினார். கணக்கில் பிழையில்லை. 120 கிலோவை ஆறுக்கு ஒன்று சாய்வில் நிறுத்திப் பிடிக்க 20 கிலோ இழுவிசை வேண்டும். சக்கரம் உருள்வதன் தடைக்கு எடையில் நூற்றுக்கு மூன்று, அதாவது 3.6 கிலோ. ஆக 23.6. சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ.; பெருக்கி இரண்டு மோட்டாருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 118 கிலோ-செ.மீ. நாங்களும் கயிறு கட்டித் தொங்கு தராசு மாட்டி, அரிசி மூட்டை ஏற்றிய வண்டியைச் சீராக இழுத்துப் பார்த்தோம்; முள் 23க்கும் 24க்கும் இடையே நின்றது. "தேவை 118, நான் கொடுத்தது 150. வேறென்ன வேண்டும் உங்களுக்கு?" என்றார்.

வழக்கு அந்த 150இல்தான் இருக்கிறது. அது மோட்டார் சுழலாமல் முட்டி நிற்கும் நிலையில் தரும் முறுக்குவிசை. சுமை ஏற ஏற இவ்வகை மோட்டாரின் வேகம் நேர்விகிதத்தில் குறையும், 150இல் பூஜ்யம். 118 கேட்டால், சுமையில்லாமல் ஓடும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகிறது. சூடேறிய மோட்டார் இன்னும் தளர்கிறது. சமதளத்தில் தேவை வெறும் 18 என்பதால் அங்கே குட்டு வெளிப்படவில்லை. மேலும், நின்ற வண்டியை ஒரு நொடியில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர இன்னும் 6 கிலோ இழுவிசை வேண்டும். அதைச் சேர்த்தால் தேவையே ஏறத்தாழ 150 ஆகிவிடுகிறது.

அடுத்து, வேகம் கூட்ட 15 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் போடலாம் என்றார். குழு மறுத்தது, அதற்குத்தான் பிடிவாதக்காரர்கள் என்ற பட்டம். ஆரம் ஒன்றரை மடங்கானால் தேவையும் ஒன்றரை மடங்கு: 177. வண்டி ஏறவே ஏறாது. சிறிய சக்கரம் போட்டிருக்கலாமே என்பவர்கள் கூடத்து வாசல்படியின் விளிம்பை ஒருமுறை பார்க்கட்டும்.

ஆகவே சக்கரத்தைத் தொடாமல் மோட்டாரையும் கியரையும் மாற்றினோம். இடைவிடாமல் ஓடும்போதே 4 கிலோ-செ.மீ. தரும், நிமிடத்துக்கு 3,000 சுற்று மோட்டார். அதற்கு 60க்கு 1 கியர், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் பொருத்தியது. நான்கை அறுபதால் பெருக்க 240. பற்களின் உராய்வுக்கு முப்பது விழுக்காடு கழித்தால் கைக்கு வருவது 168. சக்கரம் நிமிடத்துக்கு 50 சுற்று சுற்றி, நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது. சாம்பார் தளும்புவதில்லை. முதல் ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை நிறுத்திவைத்திருக்கிறோம். அவர் இன்னும் தொலைபேசியில் கோபிக்கிறார், கோபிக்கட்டும்.

கியர் உபயம் குரோம்பேட்டை அன்பர் குடும்பம், மோட்டார் ஒன்று மாதர் சங்கம், மற்றொன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மையார், மின்கலம் ரிச்சி தெரு வணிகர் ஒருவர், சக்கரங்கள் தெற்கு மாடவீதி இளைஞர்கள், பெயிண்ட் பூக்கடைக்காரர். தராசை இரவல் கொடுத்த காய்கறிக் கடைக்காரர் பெயர் போட வேண்டாம் என்றார்.

திருவிழா நாட்களில் இரண்டு அண்டாவையும் சேர்த்து ஏற்றலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 200 கிலோவானால் ஏற்றத்தில் ஒவ்வொரு மோட்டாருக்கும் 197 வேண்டும், இருப்பது 168. கூடாது. வண்டியின் பக்கவாட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுச் செயலாளர்