திறப்பு விழாவில் பெரியவர் பேசியது: திரிகை சொல்லும் கதை

உறுப்பினர்களுக்கு வணக்கம். அருங்காட்சியகத் திறப்பு விழாவில் நம் பெரியவர் பேசியதில் பெரும்பகுதி ஒரே ஒரு திரிகையைப் பற்றியது. வர முடியாதவர்களுக்காக அதன் சாரம்.

மேல்கல்லைத் திருப்பி, அரைக்கும் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். கொத்துக் குழிகள் கூராக இருந்தால், கடைசியாகக் கொத்திய பிறகு அதிகம் அரைக்கவில்லை. வழவழவென்று இருந்தால், கொத்தாமலேயே நெடுநாள் ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் தானியம் உடையாமல் நழுவும், வேலை இரட்டிப்பாகும்.

அடுத்தது பிடி செருகும் குழி. இரண்டு குழிகள் இருந்து, ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தால், அது பழுதானதும் இன்னொன்றைத் தோண்டியிருக்கிறார்கள். புதுக் கல் வாங்காமல் சமாளித்த வீடு! இரண்டும் நன்றாக இருந்து எதிரெதிரே அமைந்திருந்தால், இருவர் சேர்ந்து அரைத்திருக்கலாம். இதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார், நியாயம்தான்.

பொருள் தர விரும்புவோர் கவனிக்க: கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். நுண்துளைகளில் தங்கிய மாவுத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து எந்தத் தானியம் என்று சில சமயம் கண்டறியலாம்; கழுவினால் அந்தத் தடயம் போய்விடும். உலர்ந்த மென்தூரிகையால் வெளித்தூசியை மட்டும் தட்டுங்கள். யார் அரைத்தார்கள், எதை அரைத்தார்கள், வீட்டில் எங்கே கிடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்.