சிசேரியனுக்கு முன் வைரஸ் அளவைப் பாருங்கள்

தனியார் மகப்பேறு மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததுமே சிலர் சிசேரியனுக்குத் தேதி குறித்துவிடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஐந்தாம் மாதத்தில் தொற்று தெரிந்து, அன்றிலிருந்து கூட்டு மருந்தை ஒருநாளும் விடாமல் சாப்பிடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை அது. எட்டாம் மாத ரத்தப் பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இவருக்குச் சுகப்பிரசவமே போதும். பனிக்குடத்தை அவசரப்பட்டு உடைக்காமலும், தேவையில்லாமல் ஆயுதம் போடாமலும் இருந்தால் சரி. வைரஸ் அளவு ஒரு மி.லி. ரத்தத்துக்கு 1,000 பிரதிகளைத் தாண்டியிருந்தால், வலி வருமுன் செய்யும் அறுவையைப் பரிந்துரைக்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். நம் தேசிய வழிகாட்டுதலோ மகப்பேறு காரணம் இருந்தால் மட்டுமே கத்தியை எடுக்கச் சொல்கிறது.

இந்தப் பெண்ணுக்குத் தேவையில்லாமல் சிசேரியன் செய்தால் என்ன ஆகிறது? வலியில் அவரால் திரும்பிப் படுக்கவும் முடியாது. குழந்தை அழும், யாரோ பால்பவுடர் கரைத்துப் புகட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் 'ஏன் தாய்ப்பால் கொடுக்கவில்லை?' என்று மாமியார் கேட்பார். காரணத்தைச் சொல்ல முடியாமல் அவர் பால் கொடுக்கத் தொடங்குவார். நடுவில் சேனை, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் உள்ளே போகும்.

இந்தக் கலப்பு ஊட்டல்தான் சிக்கல். வேறு உணவால் பிஞ்சுக் குடலின் உட்சவ்வு புண்பட்டால் வைரஸ் நுழைய வழி கிடைக்கும் என்று கருதப்படுகிறது. கூட்டு மருந்து அங்கே பரவலாகக் கிடைப்பதற்கு முன்பே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1999இல் வெளியான ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட தாய்ப்பாலோடு வேறு உணவும் எடுத்த குழந்தைகளுக்குத்தான் தொற்று அதிகம் இருந்தது. இன்று தாய் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே பாதுகாப்பு. எல்லாத் தாய்மாருக்கும் சொல்லும் அறிவுரை அதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பால்பவுடர் டின்தான் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

பிறந்தது 2.5 கிலோவுக்கு மேல் என்றால் நெவிரபின் சிரப் தினம் ஒருவேளை 1.5 மி.லி., ஆறு வாரம். பிரசவ நேரத்தில்தான் தொற்று தெரிந்தது என்றாலோ வைரஸ் அடங்கவில்லை என்றாலோ இந்த ஒரு மருந்து போதாது; இரண்டு மருந்து வேண்டும், தாய்ப்பால் குடித்தால் 12 வாரம். ஆறாவது வாரத்தில் உலர் ரத்தப் பொட்டுப் பரிசோதனை. அதில் இல்லை என்று வந்தாலும் 18 மாதம் வரை தொடர் பரிசோதனை உண்டு. பாதியில் வராமல் நின்றுவிடுகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

ஆகவே தேதி குறிக்கும் முன் அவருடைய கூட்டு மருந்து மையத்தைக் கூப்பிட்டு வைரஸ் அளவைக் கேளுங்கள். தாய்ப்பாலா, பவுடரா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே அவரிடம் தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுங்கள். மாமியாரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். 'ஆறு மாதம் வேறெதுவும் கொடுக்கக் கூடாது, சேனையும்தான்' என்று நீங்களே கண்டிப்பாகச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் கேட்க மாட்டார், டாக்டரம்மா சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு நம்பிக்கை மைய ஆலோசகர்