அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடி அணி இறுதிப் போட்டி வரை போனது. கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். எல்லாருக்கும் வாழ்த்து.

அப்புறம், போன வாரம் ஆறாம் வகுப்பில் நடந்தது உங்கள் காதுக்கு எப்படியெல்லாமோ வந்து சேர்ந்திருக்கும். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கிறார்களே, அதில் ஒன்றை ஒரு மாணவன் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். இடைவேளையில் இரண்டு பேர் அதை அமுக்கி விளையாட, பாக்கெட் வெடித்துப் பக்கத்தில் நின்றவனின் வலது கண்ணில் பீய்ச்சிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிய நான் முதலில் சொன்னது, "ஆட்டோவைக் கூப்பிடுங்கள்" என்பதுதான். உடற்கல்வி ஆசிரியர், "சார், முதல்ல தண்ணி" என்று பையனைக் குழாயடிக்கு இழுத்துப் போய்விட்டார். அவர் செய்ததே சரி.

"கண்ணில் பட்ட பிள்ளையை அரை மணி நேரம் குழாயடியிலேயே வைத்திருந்தீர்களாமே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத் தெரியாதா?" என்று சில பெற்றோர் கேட்டீர்கள். பதற்றம் புரிகிறது. அதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

ஆசிட் பட்டால் மேல்தோல் வெந்து கெட்டிப்படும். பெரும்பாலும் அந்தப் படலமே அமிலம் மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பு காரம். அது திசுவில் உள்ள கொழுப்பைச் சோப்பாகக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும், தானாக நிற்காது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரத்துக்குள் கருவிழி வெந்துவிடலாம். அதை நிறுத்தக் கையில் இருப்பது தண்ணீர்தான்.

அன்று செய்தது இதுதான். பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டார். அப்படிச் செய்தால் மறு கண்ணுக்குள் போகாது. எரிச்சலில் பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதால் இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மூடிய இமை மேல் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. நடுவே அவன் அப்பாவுக்கும் 108க்கும் போன் போட்டோம். அரை மணி நேரம் கழுவிய பிறகும் வழியெல்லாம் பாட்டிலில் தண்ணீர் விட்டுக்கொண்டே போனோம்.

ஆஸ்பத்திரியில் மேல் இமையைப் புரட்டிப் பார்த்தபோது உள்ளே கடுகளவு சுண்ணாம்புக் கட்டி ஒட்டியிருந்தது. அதை எடுத்து, நிறம் மாறும் தாளைக் கண்ணில் வைத்துப் பார்த்து, காரம் போகும் வரை மறுபடி கழுவினார்கள். அதனால் வீட்டில் நன்றாகக் கழுவியாயிற்று, வலியும் குறைந்துவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். சிவந்த கண்ணைவிட வெளுத்துப்போன கண்தான் பயப்பட வேண்டியது. ரத்த நாளங்களே வெந்துவிட்டன என்று அர்த்தம். பையன் சொட்டு மருந்துடன் பள்ளிக்கு வருகிறான், பார்வை நன்றாக இருக்கிறது.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், மோர், எலுமிச்சை எதுவும் கண்ணில் விட வேண்டாம். காரத்துக்குப் புளிப்பு முறிவு என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும், கழுவ வேண்டிய நேரமும் போய்விடும்.

பட்டறையிலும் மெக்கானிக் கடையிலும் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி ஆசிட் சட்டையில் கொட்டினால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சட்டையைக் கழற்றுங்கள். பனியனைத் தலைவழியே உருவாமல் கத்தரித்து எடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் பட்டுவிடும். தோலை 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். சோடா உப்பு, பேஸ்ட் ஒன்றும் பூச வேண்டாம். காய்ந்த சுண்ணாம்புத் தூளோ சிமென்ட்டோ தோலில் கொட்டினால் மட்டும் முதலில் தட்டிவிட்டு, பிறகு தண்ணீர்.

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புப் பாக்கெட் இனிப் பள்ளிக்குள் வரக்கூடாது. திங்கள் முதல் வகுப்பாசிரியர்கள் பைகளைப் பார்ப்பார்கள், எடுத்து வந்த பிள்ளையின் பெற்றோர் நேரில் வர வேண்டும். கழிவறை ஆசிட்டைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வீடுகள் இருப்பது எங்களுக்குத் தெரியும். தயவு செய்து இன்றே அந்தப் பாட்டிலை அப்புறப்படுத்துங்கள்.

பாட்டிமார் மேல் வருத்தம் எதுவும் இல்லை. சுருக்குப் பையை ஆணியில் உயரமாக மாட்டச் சொல்லுங்கள், போதும். அன்று கோபப்படாமல் எங்களோடு ஆஸ்பத்திரியில் நின்ற அந்தப் பையனின் பெற்றோருக்கும், கேள்வி கேட்ட உங்களுக்கும் நன்றி. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் குழாயடியில் இமையைப் பிரித்துப் பிடிப்பது எப்படி என்று உடற்கல்வி ஆசிரியர் செய்து காட்டுவார். காலை 9.30 மணி. வர முடிந்தவர்கள் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்