போர்வெல் சோதனை முடிவு: இனி நிமிடத்துக்கு 40 லிட்டர்தான்

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை நம் போர்வெல்லில் 6 மணி நேரம் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்த சோதனையின் அறிக்கை வந்துவிட்டது.

தொடங்கும்போது நீர்மட்டம் தரையிலிருந்து 62 அடியில் இருந்தது. 200 லிட்டர் டிரம் 3 நிமிடம் 20 நொடியில் நிரம்பியது. அதாவது நிமிடத்துக்கு 60 லிட்டர். முடிவில் மட்டம் 150 அடி. மொத்த இறக்கம் 88 அடி.

இறக்கத்தைவிட எனக்குக் கவலை தந்தது கடைசி 2 மணி நேரம்தான். அப்போதும் மட்டம் நிலைக்கவில்லை, மணிக்கு 6 அடி வீதம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஊறி வருவதைவிட அதிகமாக எடுக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம். முக்கியமான ஊற்று 165 அடியில் உள்ள பாறை வெடிப்பில் இருக்கிறது. மட்டம் அதற்குக் கீழே போகக் கூடாது. துளையிட்ட அன்று கம்ப்ரசரில் பீறிட்டதைப் பார்த்து ‘தண்ணீர் வற்றாது’ என்றார்களே, அதில் பாதி துளைக்குள் தேங்கியிருந்த நீர்.

மோட்டாரை நிறுத்திய 3 மணி நேரத்தில் மட்டம் 84 அடிக்கு ஏறியது. இறங்கியதில் முக்கால் பங்கு மீண்டுவிட்டது. மீதி ஏற விடியும்வரை ஆனது.

ஆகவே பரிந்துரை: வால்வைக் குறைத்து நிமிடத்துக்கு 40 லிட்டர், காலை 4 மணி நேரம், மாலை 4 மணி நேரம். ஒரு நாளைக்கு 19,200 லிட்டர் கிடைக்கும். வால்வில் குறியிட்டிருக்கிறோம், யாரும் திருக வேண்டாம். இது மழைக்குப் பிந்தைய கணக்கு. மே மாதம் மறுபடி அளப்போம்.