ஒரு தங்கமா, ஆறு பதக்கமா?

ஆசிரியருக்கு வணக்கம். பாரிஸ் ஒலிம்பிக் பதக்கப் பட்டியல்ல இந்தியா 71வது, பாகிஸ்தான் 62வதுன்னு உங்க விளையாட்டுப் பக்கத்துல வந்ததப் பாத்தேன். நமக்கு 1 வெள்ளி 5 வெண்கலம், அவங்களுக்கு அர்ஷத் நதீமோட ஒரே ஒரு தங்கம், ஆனா முதல்ல தங்கத்த வச்சு வரிசைப்படுத்துறதால அந்த ஒண்ணு நம்ம ஆறையும் தாண்டிடுது. எங்க ஆபீஸ்ல இதுக்காக ஒரு லஞ்ச் டைம் முழுக்க சண்டை.

அமெரிக்க மீடியால நிறைய பேர் மொத்தப் பதக்கத்த வச்சுதான் பட்டியல் போடுறாங்க, அதுலயும் சிக்கல் இருக்கு, 92.97 மீட்டர் ஈட்டி எறிஞ்ச நதீமும் மூணாவதா வந்தவரும் ஒண்ணாயிடுவாங்க. பாயின்ட் போடலாமேன்னா, தங்கம், வெள்ளி, வெண்கலத்துக்கு 3-2-1ன்னு குடுத்தா இந்தியாவுக்கு 7, பாகிஸ்தானுக்கு 3. 5-3-1ன்னா 8க்கு 5, அதையே 10-5-1ன்னு மாத்தினா ரெண்டு பேருக்கும் 10, சமம்! ஒரு தங்கம் எத்தனை வெண்கலத்துக்குச் சமம்னு யாரு முடிவு பண்றதுங்கிறதுலதான் மொத்தக் கணக்கும் நிக்குது. அமெரிக்கா, சீனா மாதிரி ரெண்டு பேரும் 40 தங்கம் எடுத்தா பிரச்சனையே இல்ல, 44 வெள்ளி எடுத்த அமெரிக்கா (சீனா 27தான்) எந்த முறையிலயும் மேலதான், கீழ இருக்குற நாடுங்களுக்குத்தான் முறை மாறினா இடமும் தலைகீழாயிடுது.

அதனால தங்க வரிசையே இருக்கட்டும், பக்கத்துல மொத்தம், 3-2-1 பாயின்ட்னு ரெண்டு நெடுவரிசை சேத்து, எந்த முறைல வரிசைப்படுத்தினீங்கன்னு தலைப்புக்குக் கீழ ஒரு வரி போட்டுடுங்க சார்.

- ஒரு வாசகர், மதுரை