பார்வையற்றோர் கால்பந்துப் போட்டி நடத்த முன்வந்துள்ள விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டு விழாவில் பார்வையற்றோர் கால்பந்தையும் ஒரு நிகழ்வாகச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதையும், அதற்கான ஏற்பாட்டுக் குறிப்பையும் கண்டேன். ஆடுகளத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவது, ஆட்டம் முழுவதும் ஒலிபெருக்கியில் வர்ணனை அளிப்பது, இடைவிடாமல் இசை ஒலிக்கச் செய்வது என்பவை அக்குறிப்பில் உள்ளன. கோலுக்குப் பின்னால் நின்று தாக்குதல் வீரர்களுக்குக் குரல் கொடுக்கும் வழிகாட்டியாகப் பணிபுரிபவன் என்ற முறையில், இம்மூன்றும் வீரர்களை நேரடியாகக் காயப்படுத்தக் கூடியவை என்பதைச் சற்று விளக்கமாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஓர் அணியில் ஐவர் ஆடுவர். அவர்களுள் கோல்காவலருக்கு மட்டும் பார்வை உண்டு. மற்ற நால்வரும் முழுமையாகப் பார்வையற்றவர்கள்; சிலருக்கு வெளிச்சம் மட்டும் உணரக்கூடும் என்பதால், அந்தச் சிறு வேறுபாடும் இல்லாதிருக்க அனைவரும் கண்களை மூடி ஒட்டி, அதன்மேல் கண்மறைப்பும் அணிந்தே இறங்குகின்றனர். ஆடும்போது அந்த மறைப்பைத் தொடுவதே தவறு. நடுவரின் அனுமதி பெற்றுத்தான் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆகவே பந்து எங்கே, எதிராளி எங்கே, கோல் எங்கே, எல்லை எங்கே என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை காதின் வழியாகவே வந்தாக வேண்டும். விதிகளில் பெரும்பகுதி இந்த நான்கு ஒலிகளும் ஒன்றையொன்று மூழ்கடிக்காமல் பார்த்துக்கொள்வதற்காகவே எழுதப்பட்டவை என்று நான் கருதுகிறேன்.

முதலில் பந்து. வழக்கமான கால்பந்தைவிடச் சற்றுச் சிறியதும், 510 முதல் 540 கிராம் வரை எடையுள்ளதுமான இப்பந்தின் உள்ளே, தோல் துண்டுகளின் உட்புறத்தில் சிறு கிலுகிலுப்பைகள் பதிக்கப்பட்டுள்ளன. பந்து உருளும்போதும், நின்ற இடத்திலேயே சுழலும்போதும் அவை ஒலிக்கும். பந்து முற்றிலும் நின்றுவிட்டாலோ, சுழலாமல் காற்றில் பறந்தாலோ ஒலி ஏறக்குறைய இல்லாமற் போகும். தேர்ந்த வீரர் பந்தை முன்னே தட்டிவிட்டு ஓடாமல், இரு பாதங்களின் உட்பக்கங்களுக்கிடையே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே செல்வதற்குக் காரணம் இதுதான். பந்து ஒவ்வொரு அடியிலும் ஒலித்துக்கொண்டிருப்பதால் அது தம் காலடியில் இருப்பதை அவர் அறிகிறார், எதிராளியும் அறிகிறார். செலவைக் குறைக்க, சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பயன்படுத்தலாமா என்று உங்கள் குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். தொடக்கநிலைப் பயிற்சிக்கு அது பயன்படும். ஆனால் போட்டியின் வேகத்தில் பை கிழிந்து பந்து ஊமையாகிவிடும் நொடியில், இருவர் அதைத் தேடி ஒரே இடத்துக்கு ஓடிவருவார்கள். ஒரு பந்து மட்டும் வாங்காமல், ஒலி மங்கினால் உடனே மாற்றுவதற்கு இன்னொன்றையும் வைத்திருங்கள். ஆட்டம் தொடங்குமுன் இரண்டையும் தரையில் மெதுவாக உருட்டிக் கேட்டுப் பாருங்கள். மெதுவாக உருளும்போதும் கேட்காத பந்தை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, எதிராளியின் குரல். பந்தை நோக்கிச் செல்பவர், பந்தைப் பறிக்க முற்படுபவர், நின்றுபோன பந்தைத் தேடுபவர் என எவராயினும் "வோய்" என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். "போகிறேன்" என்று பொருள்படும் இந்த ஸ்பானியச் சொல்லே உலகெங்கும் வழக்கில் உள்ளது. சொல்லத் தவறுவது தவறாட்டம். எதிரணிக்கு நேரடித் தனியுதை கிடைக்கும். அணியின் தவறுகள் கூடிக்கொண்டே போனால், தடுப்பு வரிசை எதுவுமின்றி 8 மீட்டர் தொலைவிலிருந்து கோலை நோக்கி உதைக்கும் வாய்ப்பும் எதிரணிக்குக் கிடைக்கிறது.

இவ்விதியின் தேவையை ஒரு மோதல் நிகழும் விதத்தைக் கொண்டே விளக்கலாம். பந்தைக் கடத்திச் செல்பவர் காலடியில் ஒலிக்கும் பந்தைக் கேட்பதற்காக உடலை முன்சாய்த்து, தலையை உடலுக்கு முன்னே நீட்டியபடி ஓடுவார். அவரைத் தடுக்க வருபவரும் அதே பந்தின் ஒலியைக் கேட்டு, அதே போலச் சாய்ந்து வருவார். இருவரின் தலைகளும் பந்துக்கு மேலே ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. தடுக்க வருபவர் தொலைவிலிருந்தே "வோய், வோய்" என்று இடைவிடாமல் சொல்லி வந்தால், பந்துடன் வருபவர் குரல் வரும் திசையை உணர்ந்து திரும்பிவிடுவார், அல்லது தோளைக் கொடுத்து மோதலைத் தாங்கிக்கொள்வார். புதிய வீரர்களிடம் நான் அடிக்கடி காணும் குறை, ஓடத் தொடங்கும்போது ஒருமுறை சொல்லிவிட்டு அப்புறம் அமைதியாகிவிடுவதும், உடல் பட்ட பிறகு சொல்வதும்தான். சொன்னாரா என்று மட்டும் பார்க்கும் நடுவர் இவ்விரண்டையும் விட்டுவிடுவார்; மோதலுக்கு முன் எதிராளி விலகிக்கொள்ள அவகாசம் தரும் அளவுக்குக் குரல் வந்ததா என்று கேட்கும் நடுவரே உங்களுக்குத் தேவை. வழக்கமான கால்பந்து நடுவர் எவ்வளவு அனுபவமுள்ளவராயினும், இதற்கெனத் தனிப் பயிற்சி இல்லாமல் அவரை நியமிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தலையைச் சுற்றி மெத்தைப் பட்டை அணிவதும் உதவும். ஆனால் குரல் செய்யும் வேலையைப் பட்டை செய்துவிடாது.

மூன்றாவது, வழிகாட்டும் குரல்கள். ஓர் அணிக்கு மூன்று குரல்கள் உண்டு. ஆடுகளத்தின் நீளம் அவர்களுக்கு மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளது. தம் அணி காக்கும் பகுதியில் கோல்காவலரும், நடுப்பகுதியில் பக்கவாட்டில் நிற்கும் பயிற்சியாளரும், எதிரணியின் கோல் உள்ள பகுதியில் அதன் பின்னால் நிற்கும் வழிகாட்டியும் மட்டுமே பேசலாம். தன் பகுதிக்கு வெளியே உள்ள வீரருக்குக் குரல் கொடுத்தால் நடுவர் தண்டிப்பார். மூவரும் ஒரே நேரத்தில் பேசினால் வீரருக்கு எதுவுமே எட்டாது என்பதால் இக்கட்டுப்பாடு.

ஒரு தாக்குதலைச் சொல்கிறேன். எங்கள் கோல்காவலர் பந்தைப் பிடித்ததும், இடப்பக்க எல்லையில் நிறுத்தப்பட்ட தடுப்புப் பலகையருகே நிற்கும் வீரரின் பெயரை அழைத்து, பந்தைத் தரையில் உருண்டோடும்படி எறிகிறார். வீரர் ஒலியைக் கேட்டுப் பந்தை நிறுத்தித் தடுப்பையொட்டி நகர்கிறார். நடுப்பகுதிக்கு வந்ததும் கோல்காவலர் பேச்சை நிறுத்திவிடுகிறார். பயிற்சியாளர் "உள்ளே திரும்பு, வலப்பக்கம் காலி" என்கிறார். கடைசிப் பகுதியில் கால் வைத்ததும் அவரும் நிறுத்த, நான் தொடங்குகிறேன்: "கோல் இங்கே, பத்து மீட்டர், முன்னால் இருவர்... எட்டு... வலது... அடி!" என் குரல் கோலின் நடுவிலிருந்து வருவதால், சொற்களைப் போலவே அது ஒலிக்கும் திசையும் அவருக்கு ஒரு குறி. இவை அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. அந்நொடிகளில் ஒலிபெருக்கியில் ஒருவர் உணர்ச்சிபொங்க வர்ணித்துக்கொண்டிருந்தால், "முன்னால் இருவர்" என்ற என் எச்சரிக்கை அவ்வீரரை எட்டாது.

அதனால்தான் பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும் என்கிறோம். கோல் விழுந்ததும், ஆட்டம் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆரவாரிக்கலாம். கூட்டம் அமைதியாக இராது என்ற உங்கள் ஐயம் புரிகிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஈஃபிள் கோபுரத்தின் அடியில் இந்த ஆட்டங்கள் நடந்தபோது, நிறைந்திருந்த பார்வையாளர் வரிசைகள் அமைதி காத்தன. தொடங்குமுன் தெளிவாகச் சொன்னால் மக்கள் கேட்பார்கள். கூட்டத்தைவிட எனக்குக் கவலை தருபவை பக்கத்து மைதானத்தில் ஊதப்படும் இன்னொரு நடுவரின் விசிலும், அருகே இயங்கும் ஜெனரேட்டரும்தான். விசில் கேட்டால் வீரர் நின்றுவிடுவார். அவர்மேல் ஓடிவருபவர் மோதுவார். கூரையிட்ட அரங்கும் வேண்டாம். எதிரொலியால் குரல் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் தோன்றும், திறந்தவெளியே ஏற்றது.

இனி எல்லை. களம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் இரு நீண்ட பக்கங்களிலும் முழு நீளத்துக்கும் 1 முதல் 1.2 மீட்டர் உயரமுள்ள தடுப்புப் பலகைகள் நிறுத்தப்பட வேண்டும். பந்தை உள்ளேயே வைத்திருப்பது அவற்றின் ஒரு வேலை மட்டுமே. பலகையில் பட்டுத் திரும்பும் பந்தின் ஓசை எல்லையின் இடத்தை அறிவிக்கிறது. கையை நீட்டித் தொடும் வீரருக்குத் தாம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறோம் என்பது உடனே தெரிகிறது. கயிறு ஓசை தராது, பந்தைத் தடுக்காது. முழு வேகத்தில் வருபவரின் கழுத்தையோ முழங்காலையோ சிக்கவைக்கும். பலகைகளை இணைக்கும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளியோ, தாங்கிகளின் நுனி உட்புறம் துருத்திக்கொண்டிருப்பதோ கூடாது. இருபுறமும் ஒருவர் உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்து முழு நீளத்துக்கும் நடந்து பார்த்தாலே குறைகள் தெரிந்துவிடும். கோல் கோடுகளில் பலகை கிடையாது என்பதால், அங்கே வீரர் வெளியே ஓடிவிடலாம். எனவே கோலுக்குப் பின்னாலும் பக்கங்களிலும் நாற்காலி, கேமராத் தாங்கி, பரிசு மேசை எதுவும் இருக்கக் கூடாது.

கோல்காவலருக்கும் ஓர் எல்லை உண்டு. 5.82 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள சிறு கட்டத்தை விட்டு அவர் வெளியேற இயலாது. பார்வையுள்ள ஒருவர் பார்வையற்றவரின் பாதையில் பாய்ந்து வருவதைத் தடுக்கவே இந்தக் கட்டு. அவர் வெளியே வந்து பந்தைப் பறித்தால் கூட்டத்துக்குச் சுவாரசியமாகத் தோன்றலாம்; நடுவர் அதைக் கண்டிப்பாகத் தண்டிக்க வேண்டும்.

தடுப்புப் பலகைகளை விழாவுக்குள் ஏற்பாடு செய்ய இயலாது என்றால், முழு ஆட்டத்தைக் கைவிட்டு, 6 மீட்டரிலிருந்து பெனால்ட்டி உதைக்கும் போட்டியாக மாற்றிவிடுங்கள். அதற்கு ஒரு கோல், ஒலிக்கும் பந்து, ஒரு கோல்காவலர், ஒரு வழிகாட்டி, அமைதி ஆகியவை போதும். வழிகாட்டி உலோகத் துண்டால் இடக் கம்பத்தையும் வலக் கம்பத்தையும் தட்டிக் காட்டுவார். பிறகு நடுவில் நின்று குரல் கொடுத்துவிட்டு விலகுவார். நடுவரின் விசிலுக்குப் பின் வீரர் உதைப்பார். ஒருவர் மட்டுமே ஓடுவதால் மோதலுக்கு இடமில்லை. கம்பங்களைத் தட்டும் பணியை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். எந்த ஏற்பாடு என்பதை முடிவு செய்து தெரிவித்தால் போதுமானது.

இப்படிக்கு,
கோலுக்குப் பின்னால் குரல் கொடுக்கும் வழிகாட்டி ஒருவர்